எந்தப் பாடத்துக்கு விடைத்தாள் நகல் கேட்பது?

சிபிஎஸ்இ பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள் பெற்றோர் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "சார், ரீவேல்யூவேஷன் போட்டுடலாமா?" நேராகப் போட முடியாது. 2025-இல் வாரியம் வரிசையை மாற்றியது, முதலில் விடைத்தாள் நகல், அதைப் பார்த்த பிறகுதான் மற்றவை. நகல் வாங்காத பாடத்துக்கு அடுத்த கட்டத்தில் இடமே இல்லை.

அந்த ஆண்டுக் கட்டணப்படி நகலுக்குப் பாடத்துக்கு 700 ரூபாய். எனவே பாடத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் கவனம் வேண்டும். விண்ணப்பம் ஒரே முறைதான், விட்டுப்போன பாடத்தை அப்புறம் சேர்க்க முடியாது. தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வுக்குப் போகிற பிள்ளை என்றால் கட் ஆஃப் கணக்கைப் பாருங்கள்: கணிதம் 100-க்கு அப்படியே வரும், இயற்பியலும் வேதியியலும் பாதியாகும். கணிதத்தில் கூடும் 2 மதிப்பெண், வேதியியலில் கூடும் 4-க்குச் சமம்.

என் மாணவி ஒருத்தி கணிதம், வேதியியல் இரண்டுக்கும் 1,400 ரூபாய் கட்டி நகல் வாங்கினாள். வாரியம் வெளியிடும் மதிப்பெண் வழங்கும் முறையைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு விடையாகப் பார்த்தோம். வேதியியலில் கடைசிப் பக்கத்தில் எழுதிய 3 மதிப்பெண் விடை திருத்தப்படாமலே கிடந்தது. திருத்தாமல் விட்டது, கூட்டலில் பிழை இதெல்லாம் சரிபார்ப்பில் சேரும், அதற்கு அப்போது 500 ரூபாய். கணிதத்தில் மூன்று விடைகளுக்குக் குறைவாகப் போட்டிருக்கிறார்கள் என்றாள். அது மறுமதிப்பீடு, அப்போது கேள்விக்கு 100 ரூபாய். மூன்றில் ஒன்றை வேண்டாம் என்று தடுத்தேன். அதில் அவள் ஒரு படியையே விட்டிருந்தாள், ஆனாலும் 5-க்கு 4 கிடைத்திருந்தது. மறுமதிப்பீட்டில் ஒரு மதிப்பெண் குறைந்தாலும் குறைத்துவிடுவார்கள், பழைய மதிப்பெண்ணுக்குத் திரும்ப வழியில்லை, இதைப் பலர் படிக்காமலே விண்ணப்பிக்கிறார்கள்.

முடிவில் வேதியியலில் 3, கணிதத்தில் ஒரு கேள்விக்கு 2, இன்னொன்றில் மாற்றமில்லை. மொத்தச் செலவு 2,100 ரூபாய், கட் ஆஃப் மூன்றரை கூடியது.

பணம் கட்டும்போது ஒரு விஷயம். கணக்கில் பணம் போய், திரையில் உறுதிப்படுத்தல் வரவில்லை என்றால் பதறி உடனே இரண்டாம் முறை கட்டாதீர்கள், அதே விண்ணப்பத்துக்குள் மறுபடி நுழைந்து நிலையைப் பாருங்கள். இதற்கு நேரம் வேண்டும், அதனால்தான் கடைசி நாள் இரவு வரை வைத்திருக்காதீர்கள் என்று சொல்கிறேன். உறுதிப்படுத்தல் பக்கத்தைப் பிரின்ட் எடுத்து வையுங்கள். பிரவுசிங் சென்டரில் விண்ணப்பித்தால் அவர்கள் எண்ணைக் கொடுக்காமல் உங்கள் மொபைல் எண்ணைக் கொடுங்கள். தேதியும் அந்த ஆண்டுக் கட்டணமும் cbse.gov.in அறிவிப்பில் இருக்கும், அதைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள்.