ஆர்.டி.ஓ.: திரும்பலும் திருப்பலும்

ஆர்.டி.ஓ. என்றால் நமக்கு ஓட்டுநர் உரிமம் தரும் அலுவலகமோ கோட்டாட்சியரோதான் நினைவுக்கு வரும். இணையத்தில் சேலை விற்பவரிடம் கேட்டால் அவர் முகம் வாடும். அவருக்கு அது ‘ரிட்டர்ன் டு ஆரிஜின்’. வாங்குபவர் கைக்குப் போய்ச் சேராமலே, புறப்பட்ட இடத்துக்கு வந்துவிட்ட பார்சல்.

பொருள் வந்தபின் பணம் தரும் முறை நமக்குப் புதிதல்ல. இந்திய அஞ்சல் துறை 1877-லேயே வி.பி.பி. முறையைத் தொடங்கிவிட்டது. தபால்காரரிடம் பணம் கட்டிப் புத்தகக் கட்டை வாங்கியவர்கள் பலர். பிளிப்கார்ட் 2010-இல் கொண்டுவந்த கேஷ் ஆன் டெலிவரியும் அதே வழிதான். முன்பணம் இல்லாததால், கடைசி நிமிடத்தில் வேண்டாம் என்பதும் எளிது.

தமிழில் இதை எப்படிச் சொல்வது? ‘மூலத்திற்குத் திரும்புதல்’ என்பது சொல்லுக்குச் சொல் பெயர்ப்பு, பேச்சில் நிற்காது. நம் இலக்கணமே நல்ல வழி காட்டுகிறது. திரும்பு தன்வினை, திருப்பு பிறவினை. வாங்கிப் பிரித்துப் பார்த்தவர் அனுப்பினால் அது ‘திருப்பல்’. யார் கைக்கும் போகாமல் வந்தால் ‘திரும்பல்’. ஆங்கிலத்தில் இரண்டுக்குமே ரிட்டர்ன் என்பதால் கணக்கில் குழப்பம் வருகிறது. திருப்பலுக்குக் காரணம் பெரும்பாலும் பொருளில் இருக்கும். திரும்பலுக்குக் காரணம் முகவரியிலோ வாங்குபவர் மனத்திலோ கூரியர்காரர் நடையிலோ இருக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 800 ரூபாய்ச் சேலை, எல்லாச் செலவும் போக லாபம் 150. போகும் கூலி 70, திரும்பும் கூலி 65 என்று வைத்துக்கொண்டால், ஒரு திரும்பலில் 135 ரூபாய் போய்விடும். கிட்டத்தட்ட ஒரு விற்பனையின் லாபம். அந்தச் சேலை வழியிலேயே கிடக்கும் நாட்களில் வேறொருவருக்கு விற்கவும் முடியாது.

கூரியர் நிறுவனங்கள் பொதுவாக மூன்று முறை வரை கொண்டுபோய்ப் பார்க்கும். ஒவ்வொரு தோல்விக்கும் ‘என்.டி.ஆர்.’ வரும், அதை ‘சேராமைக் குறிப்பு’ எனலாம். “வீடு பூட்டியிருந்தது”, “வாங்க மறுத்தார்” என்று காரணம் எழுதியிருக்கும். அதை அப்படியே நம்பக்கூடாது. அன்று மாலையே வாங்குபவரை அழைத்து, “உங்களுக்கு போன் வந்ததா?” என்று கேட்க வேண்டும். அழைப்பே வரவில்லை, வீட்டில்தான் இருந்தேன் என்றால், ஆள் போகாமலே குறித்திருக்க வாய்ப்பு அதிகம். உடனே புகார் செய்து மறுமுயற்சி கேட்கலாம். இரண்டு நாள் தள்ளிப் பார்த்தால் பார்சல் திரும்பத் தொடங்கியிருக்கும்.

அதற்கும் முன்னால் செய்யவேண்டியது, பார்சலைக் கட்டுவதற்கு முன் வாங்குபவரிடம் வாட்ஸ்அப்பில் உறுதி கேட்பது. பதில் வராத ஆர்டரை அனுப்பாமல் நிறுத்துங்கள். “பிள்ளையார் கோயில் எதிரில்” என்பதுபோல ஓர் அடையாளமும் கேட்டு வாங்குங்கள். 50 ரூபாய் முன்பணம் கேட்டால் விளையாட்டாக ஆர்டர் போட்டவர் விலகிவிடுவார். ஆனால் உங்களை முதன்முறை பார்க்கும் நல்ல வாடிக்கையாளர் சிலரும் தயங்கிப் போவார்கள். அதனால் எல்லாரிடமும் கேட்காமல், முன்பு மறுத்த எண்களிடமும் திரும்பல் அதிகமுள்ள பின்கோடுகளிலும் மட்டும் கேட்பதே சரி.