வினைமுற்றில் ஒளிந்திருக்கும் சாதி: ஒரு கொங்கு நாவலை மட்டக்களப்பிலிருந்து வாசித்தல்

ஆங்கிலத்தில் எழுதும் நாவலாசிரியருக்கு இல்லாத ஒரு நெருக்கடி தமிழில் எழுதுபவருக்கு உண்டு. ஒரு மனிதர் படலையைத் திறந்துகொண்டு முற்றத்துக்குள் நுழைகிறார் என்று எழுதத் தொடங்கிய உடனேயே, அவர் நுழைந்தாரா, நுழைந்தானா என்பதை எழுதுபவர் தீர்மானித்தாக வேண்டும். கிராமத்தைப் பற்றிய நாவலில் இந்தத் தீர்மானம் வெறும் இலக்கணம் அல்ல. கதைசொல்லி யாருடைய பக்கத்தில் நின்று பார்க்கிறார் என்பதை, அவரே அறியாமல்கூட, ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசி எழுத்தும் சொல்லிவிடுகிறது.

இது எப்படி இயங்குகிறது என்பதை விளக்க, படுவான்கரையில் நடப்பதாக நானே ஒரு சிறு காட்சியை அமைத்துக்கொள்கிறேன். துணி வெளுக்கும் குடும்பத்தைச் சேர்ந்த அறுபது வயதுக்காரர் ஒருவர் போடியார் வீட்டுக்கு வருகிறார். போடியாரின் பன்னிரண்டு வயது மகன் வெளியே வருகிறான். இதை முதலில் இப்படி எழுதிப் பார்ப்போம்: “கிழவன் முற்றத்தில் வந்து நின்றான். சின்னப் போடியார் விறாந்தைக்கு வந்தார்.” அடுத்து இப்படி: “பெரியவர் முற்றத்தில் போய் நின்றார். பையன் விறாந்தைக்கு வந்தான்.” நடந்த நிகழ்ச்சி ஒன்றுதான். முதலாவதில் கதைசொல்லி விறாந்தையில் இருக்கிறார். வயதைச் சாதி வென்றுவிட்டது. இரண்டாவதில் வயது தன் இடத்தைத் திரும்பப் பெறுகிறது. அதோடு, ‘வந்து நின்றான்’ என்பது ‘போய் நின்றார்’ என்று மாறியபோது, கதைசொல்லியும் விறாந்தையை விட்டு இறங்கிப் பெரியவரோடு படலைக்கு வெளியே போய்விட்டார். ‘வா’, ‘போ’ என்ற இரண்டு வினைகளும் பேசுபவர் நிற்கும் இடத்தைக் காட்டும் என்பது பள்ளிக்கூடத்திலேயே நாம் படித்ததுதான். நாவலை வாசிக்கும்போது மட்டும் ஏனோ அதை மறந்துவிடுகிறோம்.

மூன்றாவதாக, பெரியவரின் மகனைப் பேசவைத்தால் இப்படி வரும்: “அப்பா முற்றத்திலேயே நின்றார். விறாந்தையிலிருந்து ‘என்னடா’ என்று கேட்டது. அவனுக்கும் எனக்கும் ஒரே வயது.” இங்கே சாதி என்ற சொல்லும் இல்லை, கண்டனமும் இல்லை. ‘ஒரே வயது’ என்ற தகவல் ‘என்னடா’ என்ற அழைப்புக்குப் பக்கத்தில் வைக்கப்பட்டதே போதுமானதாகிவிட்டது.

பேச்சில் உள்ள இந்தச் சமமின்மையை மொழியியலாளர்கள் அளந்து பார்க்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ரோஜர் பிரவுன், ஆல்பர்ட் கில்மன் என்ற இருவர் 1960ஆம் ஆண்டில் எழுதிய ஒரு கட்டுரையில், ‘நீ’, ‘நீங்கள்’ போன்ற இரட்டை வடிவங்கள் இருவருக்கிடையே இரண்டு விதமாகப் பரிமாறப்படுவதைக் காட்டினார்கள். இருவரும் ஒருவருக்கொருவர் ஒரே வடிவத்தைக் கொடுத்து வாங்கினால் அது நெருக்கத்தையோ சம மரியாதையையோ குறிக்கும். ஒருவர் ‘நீ’ கொடுத்து ‘நீங்கள்’ வாங்கினால் அது அதிகாரத்தைக் குறிக்கும். ஆகவே, ஓர் உரையாடலில் ‘டா’ இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பது வாசகரை ஏமாற்றிவிடும். நண்பர்களும் ‘டா’ போடுவார்கள், அம்மாவும் போடுவாள். அந்த ‘டா’வுக்குப் பதிலாக என்ன திரும்பி வருகிறது என்பதையே கவனிக்க வேண்டும்.

இந்தக் கருவிகளோடு வாசிக்க நான் தேர்ந்தெடுப்பது பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த இந்த நாவல், கொங்கு நாட்டு மேட்டுக்காட்டில் கவுண்டர் ஒருவரிடம் ஆடு மேய்க்கும் பண்ணையத்து ஆளாக இருக்கும் அருந்ததியர் சிறுவன் கூளையனைப் பின்தொடர்கிறது. அவனுடைய கூட்டாளிகள் நெடும்பன், மொண்டி, செவிடி முதலானோர். குள்ளம், நெட்டை, கால் ஊனம், காது கேளாமை என்று எல்லாம் உடலை வைத்து இடப்பட்ட பெயர்கள். கவுண்டரின் மகனுக்கோ செல்வன் என்று பெயர். பெயரிடுதலே இங்கே முதல் பாகுபாடு. ‘மாதாரி’ என்பது கொங்கில் அருந்ததியர் ஆண்களின் பெயரோடு ஒட்டிவரும் சாதிப் பட்டம். ஆகவே நாவலின் தலைப்பு, உடலைச் சுட்டும் ஒரு கேலிப்பெயரும் சாதிப் பட்டமும் சேர்ந்த கூட்டுச்சொல்; அந்தச் சிறுவனுக்கென்று மீந்திருக்கும் பெயர் அதற்குள் எதுவும் இல்லை.

களத்தில் இந்த நாவலின் நுட்பம் கூடுதலாகத் தெரிகிறது. கிராமத்துச் சாதியை எழுதுபவர்கள் வழக்கமாகத் தெருவையும் கோயிலையும் தேநீர்க்கடையையும் தேடிப்போவார்கள். இங்கே பெரும்பகுதிக் கதை ஆடுகள் மேயும் வெட்டவெளியிலும், பனைகளுக்கிடையிலும், கிணற்றடியிலும் நடக்கிறது. வெட்டவெளியில் எல்லைக்கோடு கண்ணுக்குத் தெரியாது. அதனால் கூளையனும் செல்வனும் அங்கே கிட்டத்தட்டக் கூட்டாளிகளாகவே இருக்கிறார்கள். இரவில் ஆட்டுப்பட்டிக் காவலுக்கு இருவரும் ஒன்றாகப் படுக்கிறார்கள். ஆனால் இழப்போ தவறோ நேரும்போது, அழிந்ததாகத் தோன்றிய கோடு ஒரே கணத்தில் திரும்பி வந்துவிடுகிறது. தேங்காய் திருடியதற்காகக் கூளையன் கிணற்றுக்குள் தலைகீழாகத் தொங்கவிடப்படும் இடத்தை வாசித்தவர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். கிணறு ஊற்று, விளையாட்டு, தண்டனை என எல்லாமாகவும் இருக்கிறது. நாவலின் முடிவும் கிணற்று நீருக்குள்தான்; அதை இங்கே சொல்லப்போவதில்லை.

பார்வைக்கோணம் இந்தக் களத்தோடு பிணைந்தது. கதை படர்க்கையில் சொல்லப்பட்டாலும், கதைசொல்லி கூளையனின் தோளை விட்டு அதிகம் விலகுவதில்லை. இலக்கியக் கோட்பாட்டாளர் ஜெரார் ஜெனெட் 1972இல் வகுத்த வேறுபாட்டின்படி, ‘யார் பேசுகிறார்’ என்பதும் ‘யார் பார்க்கிறார்’ என்பதும் தனித்தனிக் கேள்விகள். இங்கே பேசுவது எழுத்தாளரின் குரல், பார்ப்பது சிறுவனின் கண். அதனால் அவனுக்குத் தெரியாத பொருளாதாரம் வாசகருக்கும் அரைகுறையாகவே கிடைக்கிறது. அவனுடைய உழைப்பின் விலையைப் பெரியவர்கள் பேசி முடிக்கிறார்கள். இது நாவலின் வரம்பு. ஆனால் இதையே குறை என்று சொல்லும் விமர்சனத்தை நான் ஏற்கமாட்டேன். தன் விலையை அறியாமல் உழைப்பதுதான் அந்தச் சிறுவனின் நிலை, அந்த அறியாமைக்குள் நம்மையும் வைப்பது எழுத்தாளரின் தேர்வு.

மட்டக்களப்பு, அம்பாறை வாசகர் ஓர் இடத்தில் தவறக்கூடும். கூளையனின் கவுண்டரை நம் போடியாராகவும், கூளையனை நம் மாட்டுக்காரப் பொடியனாகவும் பெயர்த்து வாசிப்பது இயல்பான உந்துதல், பாதிவரைதான் பொருந்தும். நம் போடியாருக்கும் வயலில் இறங்குபவருக்கும் இடையே முல்லைக்காரர் ஒருவர் நிற்பார். பல போடிமார் எழுவான்கரையில் இருக்க, அவர்களின் வட்டை வாவிக்கு அப்பால் இருக்கும். கூளையனைக் கவுண்டரின் கண் நாள் முழுக்கத் தொடர்வதுபோல் இங்கே நேர்வதற்கு இடம் குறைவு. மேலும் நம் குடிமுறை தாய்வழியில் செல்வது. வீடு மகளுக்குச் சீதனமாகப் போவதால், ‘போடியார் வீடு’ என்று எழுதப்படுவது பெரும்பாலும் அவருடைய மனைவியின் வீடு. முற்றத்தில் நிற்கும் பெரியவரிடம் அந்த வீட்டம்மா எந்த வினைமுற்றில் பேசுகிறாள் என்பதையும் நம் நாவலாசிரியர் கேட்டாக வேண்டும்.

கொங்கு நாவலில் கிணறு செய்யும் வேலையை இங்கே கோயில் வீதி செய்யும் என்று நினைக்கிறேன். எந்தக் குடிக்கு எந்த நாள் திருவிழா, வண்ணக்கர் யாரை முதலில் அழைக்கிறார், வெள்ளை கட்ட வந்தவர் திருநீறு வாங்க எங்கே நிற்கிறார் என்பவை உரிமையாகவும் மரியாதையாகவும் பேசப்படுவதால், அவற்றின் அடியில் உள்ள வரிசை எளிதில் கண்ணில் படுவதில்லை. அந்த வீதியை ஒருவர் எழுதினால், பென்சிலால் முதலில் கோடிட வேண்டியது அந்தக் கடைசி மனிதருக்கு எழுத்தாளர் கொடுக்கும் வினைமுற்றின் கீழ்: அவர் நின்றாரா, நின்றானா?