அப்பா மாதிரி இல்லையே, பெரியப்பா மாதிரி இருக்கே!

அரசுப் பேருந்து ஓட்டுநர் ஒருவர் பணி ஓய்வு பெறப்போகிறார். அவருடைய மகள் வாட்ஸாப்பில் ஒரு படம் அனுப்பினார். "அப்பாவை கேரிகேச்சரா வரைஞ்சு தரணும் சார். ஏ3 சைஸ், ஃபிரேம் போட்டு. டிப்போல எல்லார் முன்னாடியும் கொடுக்கப்போறோம்." ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தபடி அவரே எடுத்த செல்ஃபி அது. பெரிய மூக்கு, அடர்ந்த மீசை. முகத்தை மிகைப்படுத்தி வரைவதுதான் கேரிகேச்சர், அதைப் போடுகிறவனுக்கு வேறென்ன வேண்டும்? மூக்கை இன்னும் பெரிதாக்கி, மீசையை இரண்டு பக்கமும் இழுத்துவிட்டு, பென்சில் வரைவை அன்றிரவே அனுப்பிவிட்டேன்.

காலையில் பதில் வந்தது. "நல்லா இருக்கு சார். ஆனா அப்பா மாதிரி இல்லையே, எங்க பெரியப்பா மாதிரி இருக்கு."

இப்படி ஒரு பதில் வந்தால், நான் வரைந்ததைப் பார்ப்பதற்கு முன்னால் வந்த படத்தைத்தான் திரும்பப் பார்ப்பேன். அதை முதலிலேயே செய்திருக்க வேண்டும், சோம்பல்.

செல்ஃபி எடுக்கும்போது போன் மூக்கு நுனியிலிருந்து சுமார் 35 செ.மீ. தூரத்தில் இருக்கும். காது, மூக்கு நுனிக்கு ஏறத்தாழ 12 செ.மீ. பின்னால் இருக்கிறது. ஆக, காதுக்கும் போனுக்கும் 47 செ.மீ. கிட்டே இருப்பது பெரிதாகத் தெரியும் என்பதால், காதோடு ஒப்பிட்டால் மூக்கு மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக உப்பித் தெரிகிறது. அதே ஆளை இரண்டு மீட்டர் தள்ளி நின்று எடுத்தால் இந்த வித்தியாசம் ஆறு சதவீதம்தான். அதாவது, அந்த செல்ஃபியில் இருந்த பெரிய மூக்கு அவருடையது அல்ல, லென்ஸ் ஏற்கெனவே போட்டுவைத்த கேரிகேச்சர். அதன்மேல் நான் ஒன்று போட்டேன். வீட்டில் உண்மையிலேயே பெரிய மூக்குக்காரர் பெரியப்பாதானாம்.

இன்னொரு வில்லங்கமும் இருந்தது. சட்டையில் குத்தியிருந்த பெயர்ப்பட்டையைப் பெரிதாக்கிப் பார்த்தேன், எழுத்துகள் இடவலம் மாறியிருந்தன. சில போன்களில் முன்பக்க கேமராப் படம் கண்ணாடியில் தெரிவதுபோலவே சேமிக்கப்படும். யார் முகமும் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்காது. இவருக்கு வலது புருவம் இடதைவிடச் சற்று ஏறியிருக்கும். நான் இடதை ஏற்றி, அதையும் மிகைப்படுத்தியிருந்தேன். கண்ணாடி பார்க்கும்போது அவருக்குத் தெரிவது அந்த முகம், மகளுக்குத் தெரிவது வேறு. பெயர்ப்பட்டை இல்லாத படமென்றால் தலைவகிடு, மச்சம், சட்டைப் பை எதையாவது வைத்து வேறொரு படத்தோடு ஒப்பிட்டுவிடுங்கள்.

சரி, புதிதாகக் கேட்டேன்: யாராவது ஆறேழு அடி தள்ளி நின்று எடுத்த நேர்ப்படம் ஒன்று, முகத்தில் முக்கால்வாசி தெரியும்படி சற்றே திரும்பிய படம் ஒன்று, அவர் யாரோடோ பேசிச் சிரிக்கும் படம் ஒன்று. மூன்றிலும் பியூட்டி ஃபில்டர் கூடாது. அது சுருக்கத்தை மட்டும் எடுப்பதில்லை, தாடையை ஒடுக்கி, கண்ணையும் பெரிதாக்கிவிடும். படங்களை 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பச் சொல்வேன், இல்லாவிட்டால் வாட்ஸாப் சுருக்கி அனுப்பும். நேர்ப்படத்திலிருந்து அளவு, முக்கால் படத்திலிருந்து மூக்கின் வடிவம், சிரிப்புப் படத்திலிருந்து உயிர். ஒரே படத்தில் மூன்றும் கிடைப்பது அபூர்வம்.

இனி அளவுக்கு வருவோம். மயிர்க்கோட்டிலிருந்து புருவம், புருவத்திலிருந்து மூக்கடி, மூக்கடியிலிருந்து முகவாய்: ஓவியப் பள்ளிகளில் இந்த மூன்றும் சமம் என்று சொல்லித்தருவார்கள். உண்மையில் யாருக்கும் சமமாக இருக்காது, எவ்வளவு விலகியிருக்கிறது என்பதில்தான் ஆள் இருக்கிறார். (முன்வழுக்கை உள்ளவருக்கு மயிர்க்கோடு எங்கே என்று கேட்பீர்கள். புருவத்தைத் தூக்கும்போது நெற்றிச் சுருக்கம் எங்கே முடிகிறதோ அங்கே.) ஓட்டுநரின் நேர்ப்படத்தை மயிர்க்கோட்டிலிருந்து முகவாய் வரை 15 செ.மீ. வரும்படி அச்செடுத்தேன். சமமாக இருந்தால் 5, 5, 5. அவருக்கு வந்தது 4.5, 4.5, 6. மூக்கின் அகலமோ நீளமோ குறிப்பிட்டுச் சொல்லும்படி இல்லை. கீழ்முகம்தான் நீளம், அதிலும் மூக்கடிக்கும் மேலுதட்டுக்கும் நடுவில் உள்ள இடம். மீசை அதை மூடியிருந்ததால் என் கண்ணுக்குப் படவில்லை.

இப்போது விலகலை மட்டும் இரட்டிப்பாக்க வேண்டும். அரை செ.மீ. குறைந்த இடத்தில் ஒரு செ.மீ. குறையும், ஒரு செ.மீ. கூடிய இடத்தில் இரண்டு கூடும். 4, 4, 7. மொத்தம் அதே 15தான். இது என் கண்டுபிடிப்பல்ல. சூசன் பிரென்னன் என்பவர் 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் கணினியை கேரிகேச்சர் போடவைத்தபோது இப்படித்தான் செய்தார்: சராசரி முகத்தோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தைப் பெருக்குவது. கேரிகேச்சர் பழகுகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இந்த இடத்தில்தான். மூக்கு, வாய், காது என்று உறுப்புகளைத் தனித்தனியாக ஊதுகிறார்கள். எல்லாம் பெரிதானால் எதுவும் பெரிதாகத் தெரியாது, பலூன்தான் மிஞ்சும். ஓரிடத்தில் கூட்டினால் இன்னோரிடத்தில் குறைத்தாக வேண்டும். கீழ்முகம் நீண்டதும் நெற்றியும் கண் பகுதியும் தாமாகவே ஒடுங்கின, இவருடைய சின்னக் கண்கள் இன்னும் சின்னதாயின. மகள் சொன்ன 'அப்பா ஜாடை' அப்போதுதான் எட்டிப்பார்த்தது. இன்னும் ஒரு படி போய் 3.5, 3.5, 8 என்றும் வரைந்து பார்த்தேன். ஆள் அடையாளம் தெரிந்தது. ஆனால் டிப்போவில் மாலை போட்டுக்கொண்டு நிற்கும் மனிதர் கையில் கொடுக்கும் படமாக இல்லை. கிழித்துப்போட்டேன்.

இடைவெளியை இழுப்பதில் இன்னொரு வசதி உண்டு. "உன் மூக்கு பெரிசு", "பல் எடுப்பு" என்று பள்ளியிலிருந்தே கேட்டுப் புண்பட்டவர்கள் நிறையப் பேர். "உனக்கு மூக்கடிக்கும் உதட்டுக்கும் தூரம் அதிகம்" என்று யாரும் யாரையும் கேலி செய்வதில்லை. ஆள் அடையாளமோ அந்தத் தூரங்களிலும் இருக்கிறது. வாங்குகிறவருக்கு எங்கே மிகைப்படுத்தினேன் என்றே தெரியாது, சிரிப்பு மட்டும் வரும்.

இதை நான் சுலபமாகக் கற்றுக்கொள்ளவில்லை. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கல்யாண வரவேற்பில் ஸ்டால் போட்டிருந்தேன், ஆளுக்கு ஐந்து நிமிடம். இருபது வயதிருக்கும் ஒரு பெண் வந்து உட்கார்ந்தது, வாய்விட்டுச் சிரித்தது. முன்பல் நடுவில் நல்ல இடைவெளி. அதையே பிரதானமாக்கி வரைந்தேன். சுற்றி நின்ற உறவுக்கூட்டம் கைதட்டியது. அந்தப் பெண்ணும் சிரித்தது, ஆனால் வாயைக் கையால் மூடிக்கொண்டு. படத்தை நாற்காலியிலேயே விட்டுப் போய்விட்டது. கூட்டம் கைதட்டியதை அன்றைக்கு நான் வெற்றி என்றுதான் நினைத்தேன்.

அப்போதிருந்து, ஆர்டர் எடுக்கும்போது ஒன்று கேட்கிறேன்: "அவரை வீட்டில் எதைச் சொல்லிக் கிண்டல் செய்வீர்கள்? அதற்கு அவரும் சேர்ந்து சிரிப்பாரா?" சேர்ந்து சிரிப்பார் என்றால் தொடலாம். கொஞ்சம் யோசித்து, "இல்ல சார், அது வேணாம்" என்றால் இருக்கும் அளவிலேயே விட்டுவிடுவேன். ஓட்டுநருக்கு இடது கன்னத்தில் பழைய தழும்பு இருந்தது. மெல்லிய ஒரு கோடு, உள்ள நீளத்துக்கு. பெரிதாக்கவில்லை, துடைக்கவும் இல்லை. துடைத்துவிட்டால், அது மறைக்க வேண்டிய விஷயம் என்று நானே சொன்னதாகிவிடும். தோல் நிறமும் அப்படியே. "கொஞ்சம் கலரா போடுங்க சார்" என்ற வேண்டுகோள் பத்து ஆர்டரில் நாலைந்தில் வரும், மறுத்துவிடுவேன். சிரிப்புக்காகக் கூடுதலாகக் கறுக்கவைப்பது அதைவிட மோசம். நெற்றியில் ஃபிளாஷ் வெளிச்சம் விழாத படத்தில், கன்னத்தின் நிழலற்ற பகுதியிலிருந்து நிறத்தை எடுத்தால் போதும்.

அப்புறம் கண். அதே 4, 4, 7 அளவில் புருவத்தைக் கீழே இறக்கி, வாயின் ஓரத்தை ஒரு பக்கம் மட்டும் தூக்கிப் பாருங்கள், முகம் வில்லன் ஆகிவிடும். மனிதர் மனம்விட்டுச் சிரிக்கும்போது கன்னம் ஏறி, கீழ் இமை சற்று மேலே வரும், கண்ணோரத்தில் கோடுகள் விழும். கேமராவுக்காகச் சிரிக்கையில் பெரும்பாலும் வாய் மட்டும்தான் அசையும். அந்தக் கீழ் இமை வளைவை சிரிப்புப் படத்திலிருந்து பார்த்து வைத்தேன். மற்றதை எவ்வளவு இழுத்தாலும் இந்த ஒரு கோடு சரியாக இருந்தால் பார்ப்பவருக்குக் கேலியாகப் படாது.

வண்ணம் போடுமுன் ஒரு சோதனை. அரசியல் கேலிச்சித்திரக்காரர்களுக்கு ஒரு சலுகை உண்டு: எம்.ஜி.ஆர். என்றால் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போதும், கலைஞர் என்றால் கறுப்புக் கண்ணாடியும் மஞ்சள் துண்டும். முகம் கொஞ்சம் பிசகினாலும் ஊர் கண்டுபிடித்துவிடும். ஊருக்குத் தெரியாத ஒருவரை வரையும்போது காக்கிச் சட்டையும் மீசையும் அந்த வேலையைச் செய்யக்கூடாது, ஏனென்றால் டிப்போவில் எல்லாருக்குமே காக்கிச் சட்டை, பாதிப் பேருக்கு மீசை. அதனால் வரைவில் சட்டையையும் மீசையையும் காகிதத்தால் மறைத்து, தபால்தலை அளவுக்குச் சுருக்கி, அவரைத் தெரிந்த ஒருவரிடம் யாரென்று சொல்லாமல் காட்டச் சொன்னேன். மகள் அதைச் சித்தியிடம் காட்டியிருக்கிறார். "மாமா எதுக்கு மீசையை எடுத்தார்?" என்று கேட்டாராம் அவர். அதற்கப்புறம்தான் பெயிண்டைத் திறந்தேன்.

படம் டிப்போவில் கொடுக்கப்பட்டது. மறுநாள் அவரே போன் செய்தார். மூக்கைப் பற்றியோ முகத்தைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை.

"தம்பி, முப்பது வருஷமா இடது கையிலதான் கியர் போட்டேன். நீங்க வலது கையில குடுத்திருக்கீங்களே?"

முகத்தைத் திருப்பிப்போட்ட நான், அந்த செல்ஃபியைப் பார்த்து முதல் நாளே வரைந்துவைத்த கியர் தடியைத் திருப்ப மறந்திருக்கிறேன்.