விலை எழுதாத இடம் இலவசம் அல்ல

சமையலறையையும் குளியலறையையும் உடைத்துப் போட்ட பிறகுதான் கொட்டேஷனை எடுத்துக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். கையெழுத்துப் போடும் முன் யாரும் வருவதில்லை. கட்டுமானத் திட்டங்களில் அளவும் விலையும் சரிபார்ப்பது என் தொழில். உறவினர், நண்பர் வீட்டுக் கொட்டேஷன்களைப் பார்த்துச் சொல்வது அதோடு ஒட்டிக்கொண்ட வேலை.

அண்மையில் வந்தவர்கள் ஈசூனில் நான்கறை மறுவிற்பனை வீடு வாங்கிய ஒரு தம்பதி. இரண்டு குளியலறைகள், சமையலறை, மின்வேலை, அலமாரிகள் எல்லாம் சேர்த்து 38,600 வெள்ளிக்குக் கொட்டேஷன். அதில் 'கழிவு அகற்றல்' என்ற வரிக்கு எதிரே விலை இல்லை. 'வாட்டர்புரூஃபிங், இரண்டு குளியலறைகள்' என்ற வரிக்கும் இல்லை. மின்வேலைக்கு 'மொத்தமாக 2,800 வெள்ளி' என்று மட்டும் இருந்தது. கேட்டபோது ஒப்பந்ததாரர், "எல்லாம் பார்த்துக்கொள்கிறேன் தம்பி, கவலைப்படாதீர்கள்" என்றாராம். இவர்களும் கவலைப்படவில்லை.

தளம் உடைபட்ட மறுநாள் கழிவுக்கு 900 வெள்ளியும் வாட்டர்புரூஃபிங்குக்கு 1,400 வெள்ளியும் கேட்கப்பட்டன. அதன்பின் ஆறு மின்முனைகள் 'கூடுதல்' என்று 540. பதிக்கும் ஓட்டின் விலை வித்தியாசத்தில் 1,056. மொத்தம் 3,896 வெள்ளி, அதாவது ஒத்துக்கொண்ட தொகையில் பத்தில் ஒரு பங்கு. வீட்டில் தளம் இல்லாத நிலையில் யார் பேரம் பேச முடியும்?

அவர்கள் ஏன் முன்பே கேட்கவில்லை? மனைவியின் தம்பி பெரிய கட்டுமானத் திட்டத்தில் வேலை பார்க்கிறார். "விலை போடாத வரி மற்ற விலைகளுக்குள் அடங்கியதாகத்தான் பொருள் அக்கா" என்று அவர் உறுதியாகச் சொல்லிவிட்டார். இந்தப் பேச்சைக் கேட்டால்தான் எனக்குக் கோபம் வருகிறது. அது பொய்யில்லை, பாதி உண்மை. பெரிய திட்டங்களில் பணியும் அளவும் அடங்கிய பட்டியலை உரிமையாளர் தரப்பு தயாரிக்கும். ஒப்பந்ததாரர் அதில் விலையை மட்டும் நிரப்புவார். அவர் காலியாக விட்ட வரியின் செலவு மற்ற விலைகளில் அடங்கியதாகக் கொள்ளப்படும் என்று அந்த ஒப்பந்தத்திலேயே எழுதியிருப்பார்கள். அந்த வாக்கியம் இருப்பதால்தான் அந்த விதி செல்லுபடியாகிறது. உங்கள் வீட்டுக் கொட்டேஷனை எழுதியவர் ஒப்பந்ததாரர், நிபந்தனையும் அவருடையது. இந்தத் தம்பதியின் கொட்டேஷனில் கடைசிப் பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில், 'மேலே விலை குறிப்பிடப்படாத பணிகளுக்குத் தனிக் கட்டணம்' என்று இருந்தது. தம்பி சொன்னதற்கு நேர் எதிர். கடைசிப் பக்கத்தை அவரும் படிக்கவில்லை. தேக்கா சந்தையில் காய்கறியோடு சேர்த்துப் போடும் கறிவேப்பிலை அல்ல வாட்டர்புரூஃபிங்.

கையெழுத்துக்கு முன் ஒரு மின்னஞ்சல் போயிருந்தால் இவ்வளவும் வந்திருக்காது. அவர்கள் கொட்டேஷனையே வைத்து அதை எழுதிக் காட்டுகிறேன்:

'வணக்கம். மார்ச் 12 தேதியிட்ட உங்கள் கொட்டேஷன் கிடைத்தது, நன்றி. முடிவெடுக்கும் முன் சிலவற்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள விரும்புகிறோம்.

வரிசை 3 (கழிவு அகற்றல்), வரிசை 7 (வாட்டர்புரூஃபிங்) ஆகியவற்றுக்கு விலை இல்லை. இவை 38,600 வெள்ளியில் அடங்கியவையா? அடங்காவிட்டால் விலை எவ்வளவு? வாட்டர்புரூஃபிங் சுவரில் எந்த உயரம் வரை செய்யப்படும்? ஓடு பதிக்கும் முன் தண்ணீர் தேக்கிச் சோதிப்பீர்களா?

வரிசை 9 (ஓடு) சதுர அடிக்கு 3 வெள்ளி பி.சி. ரேட் என்று உள்ளது. எத்தனை சதுர அடிக்குக் கணக்கிட்டுள்ளீர்கள்? வெட்டுச் சேதம் அதில் அடங்குமா?

வரிசை 12 (மின்வேலை) மொத்தத் தொகையாக உள்ளது. எத்தனை விளக்கு முனைகள், எத்தனை பிளக் முனைகள் என்று அறையறையாகத் தரவும். கூடுதல் முனை ஒன்றுக்கு என்ன விலை?

38,600 வெள்ளியில் பொருள் சேவை வரி சேர்ந்துள்ளதா?

பதில்களைச் சேர்த்துத் திருத்திய கொட்டேஷனைப் புதிய தேதியுடன் வரும் வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பினால் உதவியாக இருக்கும்.'

அவ்வளவுதான். குற்றம் சாட்டும் தொனி இல்லை, வரிசை எண் இருக்கிறது. 'நிறைய விஷயங்கள் புரியவில்லை, விளக்கவும்' என்று எழுதுகிறவர்களுக்கு ஒரு தொலைபேசி அழைப்புதான் பதிலாக வரும். தயவுசெய்து தள்ளுபடியையும் இதே மின்னஞ்சலில் கேட்காதீர்கள். 500 வெள்ளி குறைத்துவிட்டு மற்றக் கேள்விகளைப் பேசாமல் கடந்துபோவார்கள். முதலில் என்ன விற்கிறார்கள் என்று தெரியட்டும், பிறகு பேரம்.

ஓட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பி.சி. ரேட் என்பது ஓட்டின் விலைக்கு அவர் ஒதுக்கிய தொகை. அதற்கு மேல் போனால் வித்தியாசம் உங்கள் தலையில். இவர்கள் கடையில் 5 வெள்ளி ஓட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். 480 சதுர அடிக்கு 2 வெள்ளி வீதம் 960 என்று மனக்கணக்குப் போட்டிருந்தார்கள். வெட்டுச் சேதம் பத்து விழுக்காடு சேர்ந்து 528 சதுர அடிக்கு ரசீது வந்தது: 1,056. இதில் ஏமாற்று எதுவும் இல்லை, ஓடு வெட்டினால் சேதம் வரத்தான் செய்யும். 3 வெள்ளிக்கு உங்களுக்குப் பிடித்த ஓடு கிடைக்குமா என்று கையெழுத்துக்கு முன் ஒரு மாலை கடைக்குப் போய்ப் பாருங்கள்.

பொருள் சேவை வரியைப் பற்றிக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் உண்டு. 38,600க்கு ஒன்பது விழுக்காடு 3,474 வெள்ளி. கூச்சத்துக்கு அது அதிக விலை. பொருள் சேவை வரிக்குப் பதிவு செய்யாத நிறுவனம் அந்த வரியை வசூலிக்கவே முடியாது. அதனால் 'அடங்கவில்லை' என்று பதில் வந்தால் பதிவு எண்ணைக் கேளுங்கள்.

மின்னஞ்சலுக்கான பதில் வாட்ஸ்அப் குரல்பதிவாக வந்தால் திருப்தி அடைய வேண்டாம். 'நீங்கள் சொன்னதை இப்படிப் புரிந்துகொண்டோம்' என்று எழுதி, உறுதிசெய்யச் சொல்லுங்கள். அதுவும் போதாது. ஒப்பந்தத்தில் எந்தத் தேதியிட்ட கொட்டேஷன் குறிப்பிடப்படுகிறதோ அதுதான் எடுபடும். நீங்கள் மின்னஞ்சலில் எல்லாம் பேசிவிட்டுப் பழைய தேதி இருக்கும் தாளில் கையெழுத்துப் போட்டால், பேசியதெல்லாம் வாதாட வேண்டிய விஷயமாகிவிடும். புதிய கொட்டேஷனில் 'மார்ச் 12 கொட்டேஷனுக்குப் பதிலானது' என்று ஒரு வரி போடச் சொல்லுங்கள். 'அடங்கியது' என்றால் அந்தச் சொல்லே விலைக் கட்டத்தில் இருக்கட்டும். காலிக் கட்டத்தை ஏற்காதீர்கள்.

வீவக வீட்டுக்கான புதுப்பிப்பு அனுமதியை ஒப்பந்ததாரர்தான் விண்ணப்பித்து வாங்குவார். அவர் வீவகவின் பட்டியலில் இருக்கிறாரா என்று அதன் இணையத்தளத்தில் பார்த்துவிடுங்கள். பட்டியலில் இருப்பதால் விலை தெளிவாக இருக்கும் என்று அர்த்தம் இல்லை. அந்தத் தம்பதியின் ஒப்பந்ததாரரும் பட்டியலில் இருந்தவர்தான்.

கேள்விக்குப் பதிலே தராமல், "முன்பணம் கொடுத்தால் எல்லாம் விவரமாகத் தருகிறேன்" என்பவர்களும் இருக்கிறார்கள். அவருக்கு நன்றி சொல்லி, அதே மின்னஞ்சலில் வரிசை எண்களை மாற்றி அடுத்தவருக்கு அனுப்புங்கள்.