'பில்லே வரலையே' என்று பார்ட்டி சொன்னால்: 45 நாள் சட்டமும் நீங்கள் அனுப்ப வேண்டிய ஈமெயிலும்

சரக்கு போய் இரண்டு மாதம் ஆகியிருக்கும். பணம் கேட்டு போன் செய்தால் அக்கவுண்ட்ஸ் பிரிவில், "உங்க பில்லே எங்களுக்கு வரலையே, திரும்ப அனுப்புங்க, வந்த தேதியிலிருந்து 45 நாள்ல போட்டுடறோம்" என்பார்கள். லேத் பட்டறை, பவுண்டரி, பிரிண்டிங் பிரஸ் நடத்தும் எத்தனையோ பேர் இதை நம்பி, அன்றைய தேதியில் புது பில் போட்டு அனுப்பிவிட்டு இன்னும் ஒன்றரை மாதம் காத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அப்படிக் காத்திருக்கச் சட்டம் அவர்களைச் சொல்லவே இல்லை.

2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தில் இதற்கு வழி இருக்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாளுக்குள் பணம் தர வேண்டும், ஆனால் அந்தக் கெடு 45 நாளைத் தாண்டக் கூடாது. எழுத்தில் எதுவும் இல்லையென்றால் 15 நாள்தான் கணக்கு. 45 நாள் எல்லோருக்கும் தானாகக் கிடைக்கும் அவகாசம் என்று வாங்குபவர்களும் நினைக்கிறார்கள், விற்பவர்களும் நினைக்கிறார்கள். பர்ச்சேஸ் ஆர்டரில் '90 நாள்' என்று அச்சடித்திருந்தாலும் சட்டத்துக்கு முன்னால் அது 45தான்.

அந்த நாள்கள் எப்போதிலிருந்து ஓடுகின்றன என்பதுதான் முக்கியம். பில் கிடைத்த நாளிலிருந்து அல்ல, சரக்கு அவர்கள் கையில் சேர்ந்த நாளிலிருந்து. சரக்கில் குறை இருக்கிறது என்று 15 நாளுக்குள் எழுத்தில் சொல்லியிருந்தால் மட்டும், நீங்கள் அந்தக் குறையைத் தீர்த்துவைத்த நாளுக்குக் கணக்கு தள்ளிப்போகும். 'பில் வரவில்லை' என்பது சரக்கைப் பற்றிய குறையே அல்ல, அதுவும் 15 நாள் கழித்துச் சொன்னால் கேட்கவே வேண்டாம். அதனால் நீங்கள் அனுப்பப்போகும் ஈமெயிலில் பில் வெறும் இணைப்புதான், டெலிவரிக்கான ஆதாரம்தான் உயிர்.

ஈமெயில் எழுதும் முன் நீங்கள் இந்தச் சட்டத்துக்குள் வருகிறீர்களா என்று பாருங்கள், ஏனென்றால் பாதிப் பேர் இங்கேதான் மாட்டுகிறார்கள். உத்யம் பதிவு இருக்க வேண்டும், அதில் உங்கள் வகை குறு அல்லது சிறு என்று இருக்க வேண்டும். நடுத்தர நிறுவனங்களுக்கு இந்தத் தாமதப் பணப் பாதுகாப்பு கிடையாது. வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு 2021 முதல் உத்யம் சான்றிதழ் தருகிறார்கள், ஆனால் அது வங்கிக் கடனில் முன்னுரிமைக்கு மட்டும்தான். சான்றிதழில் இதை யாரும் பெரிய எழுத்தில் போடுவதில்லை, தாமதப் பணம் கேட்டு மனு போடும் அரசு மன்றமான ஃபெசிலிடேஷன் கவுன்சிலில் மனு தள்ளுபடியாகும்போதுதான் தெரியவருகிறது. இன்னொன்று, பணம் வராத பிறகு அவசரமாகப் போய் உத்யம் எடுப்பது. பதிவுக்கு முன்னால் கொடுத்த சரக்குக்குச் சட்டம் செல்லாது என்று 2021இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பை எதிர்த்தரப்பு வக்கீல் முதல் நாளே எடுத்து வைப்பார். பதிவு இலவசம், ஆதாரும் பானும் இருந்தால் போதும், இன்றே எடுத்துவிடுங்கள்.

ஒரு கணக்கை வைத்துப் பார்ப்போம். கோவை கணபதியில் ஒரு சிறு பட்டறை, ஓசூரில் உள்ள ஒரு கம்பெனிக்கு 2025 ஜூலை 22 அன்று புஷ் என்ற இயந்திர உதிரிபாகங்களை டெலிவரி கொடுக்கிறது. சரக்கு மதிப்பு 2,00,000, ஜிஎஸ்டி 36,000, ஆக மொத்தம் 2,36,000 ரூபாய். ஆர்டரில் 45 நாள் என்று இருக்கிறது. அப்படியானால் செப்டம்பர் 5 கடைசி நாள், 6ஆம் தேதியிலிருந்து வட்டி ஓடத் தொடங்கும். செப்டம்பர் 8 அன்று கேட்டால் "பில் வரவில்லை" என்கிறார்கள்.

பட்டறைக்காரர் கையில் என்னென்ன இருக்கின்றன? லாரி ஆபீஸின் எல்ஆர் காப்பி. கம்பெனி கேட்டில் சீல் குத்தி, இன்வர்டு நம்பர் எழுதிக் கையெழுத்துப் போட்ட டெலிவரி சலான். தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சத்துக்கு மேல் போகும் சரக்கு என்பதால் இ-வே பில்லும் இருக்கும், அதிலேயே பில் நம்பரும் தேதியும் இருக்கும். பில் இல்லாமல் அந்த வண்டி கேட்டுக்குள்ளேயே போயிருக்காது. இவற்றில் அதிக மதிப்பு கேட் சீல் உள்ள சலானுக்குத்தான், ஏனென்றால் மற்றவை நீங்களோ லாரிக்காரரோ போட்டவை, இது அவர்கள் ஆளே போட்டது. டிரைவர் சலானைத் திருப்பிக் கொண்டுவராவிட்டால் அதே வாரத்தில் துரத்தி வாங்குங்கள், மூன்று மாதம் கழித்து எந்த லாரி ஆபீஸிலும் அது கிடைக்காது.

அடுத்தது ஜிஎஸ்டி. விற்பனை ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-1இல் நீங்கள் ஏற்றிய பில், அடுத்த மாதம் 14ஆம் தேதி அவர்கள் வாங்கியவற்றின் பட்டியலான ஜிஎஸ்டிஆர்-2பியில் தெரியும். அதை வைத்து அவர்கள் 36,000 ரூபாய் வரிக் கழிவும் எடுத்திருந்தால், பில் வரவில்லை என்ற பேச்சு அங்கேயே முடிந்தது. பில்லைக் கையில் வைத்திராமல் அந்தக் கழிவை எடுக்கவே முடியாது. ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடும் சிறு நிறுவனங்கள், இடையில் வரும் இரண்டு மாதங்களின் பில்லை ஐஎஃப்எஃப் என்ற பில் ஏற்றும் வசதி வழியாக அடுத்த மாதம் 13ஆம் தேதிக்குள் ஏற்றாவிட்டால், காலாண்டு முடியும் வரை அது பார்ட்டி பக்கம் தெரியாது. அப்போது அவர்கள் '2பியில் இல்லை' என்று சொல்வது உண்மையாகவே இருக்கும். உங்கள் ஆடிட்டரிடம் இதை ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு பிறகு ஈமெயில் எழுதுங்கள்.

சரி, ஈமெயில். முதல் விதி, புதிதாக எழுதாதீர்கள், ஜூலையில் அனுப்பிய பழைய ஈமெயிலையே திறந்து, அதன் மேலேயே பதில் எழுதி அனுப்புங்கள். அப்போது பழைய தேதி, நேரம், முகவரி எல்லாம் கீழே தொடர்ந்து வரும். ஆனால் ஒன்று, பதில் போடும்போது பழைய இணைப்பு கூடவே போகாது, அதே பிடிஎஃப்பை மறுபடி இணைக்க வேண்டும். இரண்டாவது விதி, பில் நம்பரும் தேதியும் மாறவே கூடாது. இப்படி எழுதலாம்:

> பொருள்: பில் எண் 118, தேதி 22.07.2025 – மறுபடி அனுப்பும் நகல், டெலிவரி ஆதாரத்துடன்
>
> வணக்கம் சார்,
>
> மேற்படி பில் வரவில்லை என்று இன்று போனில் சொன்னீர்கள். அது 22.07.2025 அன்று உங்கள் ஆர்டரில் குறிப்பிட்ட ஈமெயில் முகவரிக்கு அனுப்பப்பட்டது, அந்த ஈமெயில் கீழே உள்ளது. அதே பில்லின் நகலை மறுபடி இணைத்திருக்கிறேன். இது புதிய பில் அல்ல.
>
> சரக்கு 22.07.2025 அன்று உங்கள் கேட்டில் பெறப்பட்டது. இன்வர்டு எண்ணும் சீலும் உள்ள சலான், எல்ஆர், இ-வே பில் நகல்களை இணைத்துள்ளேன். ஜூலை மாத ஜிஎஸ்டிஆர்-2பியிலும் இந்த பில் உள்ளது.
>
> ஆர்டரின்படி பணம் தர வேண்டிய கடைசி நாள் 05.09.2025. நாங்கள் உத்யம் பதிவு பெற்ற குறு நிறுவனம், சான்றிதழ் இணைப்பில் உள்ளது. 06.09.2025 முதல் சட்டப்படியான வட்டி சேரும்.
>
> இந்த ஈமெயில் கிடைத்ததைப் பதிலில் உறுதிசெய்து, பணம் அனுப்பும் தேதியையும் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

அவ்வளவுதான். கோபம் வேண்டாம், 'உங்களுக்கு வசதிப்படும்போது' என்பதும் வேண்டாம். அந்த ஒரு வரியை நீங்களே அவகாசம் கொடுத்ததாகக் காட்டுவார்கள். எந்த முகவரிக்கு அனுப்புகிறீர்கள் என்பதையும் கவனியுங்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம் பிரிவு 13இன்படி, அவர்கள் ஒரு முகவரியைக் குறித்துக் கொடுத்திருந்தால், ஈமெயில் அதற்குள் போய்ச் சேர்ந்த நொடியே கிடைத்ததாகக் கணக்கு, திறந்து பார்த்தார்களா என்ற கேள்வி கிடையாது. அதை விட்டு வேறொரு முகவரிக்கு அனுப்பினால் அவர்கள் எடுத்துப் பார்த்தபோதுதான் கணக்கு. பர்ச்சேஸ் மேனேஜரின் வாட்ஸ்அப்புக்கு பில் அனுப்பிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் இதில்தான் தோற்கிறார்கள். ஆர்டரில் முகவரியே இல்லையென்றால், அடுத்த ஆர்டர் வரும்போதே 'பில் எந்த முகவரிக்கு?' என்று எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

அனுப்பிய பிறகு ஈமெயில் திரும்பி வந்திருக்கிறதா என்று பாருங்கள். ஜூலையிலேயே முகவரி தவறு என்று திரும்பி வந்த அறிவிப்பு உங்கள் ஸ்பேமில் கிடக்கலாம். அப்படியிருந்தால் 'அப்போதே அனுப்பினேன்' என்று எழுதாதீர்கள், டெலிவரி தேதியை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள், அதுவே போதும். ஸ்கிரீன்ஷாட்டை நம்பி ஈமெயிலை அழித்துவிடவும் வேண்டாம். ஜிமெயிலில் ஈமெயிலின் மூன்று புள்ளி மெனுவில் Download message என்பதை அழுத்தினால் .eml கோப்பாக இறங்கும், அனுப்பிய தேதி, நேரம், முகவரி, இணைப்பு எல்லாம் அதில் இருக்கும். நாளைக்கு வழக்கு என்று போனால் 2023ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் பிரிவு 63இல் சொன்ன சான்றிதழோடு அதைத் தாக்கல் செய்ய வேண்டியிருக்கும்.

இதற்குப் பதிலாக "புதுத் தேதி போட்டு ஒரு பில் கொடுங்க, அப்போதான் சிஸ்டம் எடுக்கும்" என்று வரும். கொடுக்காதீர்கள். சரக்கு கிளம்பும்போதே பில் போட்டாக வேண்டும் என்பது ஜிஎஸ்டி விதி, இ-வே பில்லில் இருப்பதும் பழைய நம்பர்தான். புது பில் போட்டால் ஒரே சரக்குக்கு இரண்டு முறை வரி காட்டியதாகும், இல்லையென்றால் பழையதை ரத்து செய்து உங்கள் ஆதாரத்தை நீங்களே அழித்ததாகும். அவர்கள் சிஸ்டத்தில் பழைய தேதி ஏறவில்லை என்றால் அது அவர்கள் சரிசெய்ய வேண்டிய விஷயம்.

பதில் வரவில்லையென்றால் ஒரு வாரம் விட்டு, இதையே கடிதமாக ஸ்பீடு போஸ்டில் அனுப்பி டெலிவரி ஆன விவரத்தைப் பிரிண்ட் எடுத்து வையுங்கள். வட்டி எவ்வளவு என்று அதில் எழுதுங்கள். ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. 2025 செப்டம்பரில் அந்த விகிதம் 5.75 சதவீதம், மூன்று மடங்கு 17.25. நம் பட்டறைக்கு முதல் மாதம் ஏறத்தாழ 3,392 ரூபாய், அடுத்த மாதம் அதற்கும் சேர்த்து 3,441. கெடு தாண்டிய தொகையை உண்மையில் செலுத்தும் வரை வருமான வரியில் செலவாகக் காட்ட முடியாது என்ற விதியும் 2024-25 மதிப்பீட்டு ஆண்டு முதல் இருக்கிறது, அதனால் மார்ச் நெருங்கும்போது அவர்கள் ஆடிட்டரே அவர்களைக் கேட்பார்.

அதற்கும் அசையாவிட்டால் வட்டார வசதி மன்றம், நாம் எல்லோரும் ஃபெசிலிடேஷன் கவுன்சில் என்று சொல்வது. தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சியில் இருக்கிறது, மனு ஆன்லைனில். சட்டத்தில் 90 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று இருக்கிறது, நடப்பில் அதை எதிர்பார்த்துச் சம்பளத் தேதியைக் குறிக்காதீர்கள். ஆர்டர் நகல் இல்லை, சலானில் சீல் தெரியவில்லை என்று மனு திரும்பி வருவதுதான் அங்கே அதிகம் நடப்பது, அதனால்தான் முதல் ஈமெயிலிலேயே எல்லாவற்றையும் இணைக்கச் சொல்கிறேன், அந்த ஒரு ஈமெயிலே பிறகு மனுவின் ஃபைலாகிவிடும்.

கவுன்சில் நோட்டீஸ் போன உடனே அசல் பணம் மட்டும் வந்து சேர்வது வழக்கம். கூடவே 'மொத்தப் பாக்கியும் தீர்ந்தது' என்று ஒரு கடிதத்தில் கையெழுத்தும் கேட்பார்கள். வட்டி வேண்டாம் என்று நீங்களே முடிவெடுத்திருந்தால் போடுங்கள். இல்லையென்றால் 'அசல் 2,36,000 பெற்றுக்கொண்டோம், வட்டி நிலுவை' என்று பதில் ஈமெயில் போட்டுவிட்டு, மனுவை வாபஸ் வாங்காமல் வைத்திருங்கள்.