பின்னால் இருக்கும் ஜன்னலுக்குப் படம் ஒட்டினால் போதாது

"வெப்கேம் போயிடுச்சு, புதுசு வேணும்" என்று வரும் புகாரைத் திறந்து பார்த்தால், பெரும்பாலும் வெப்கேமுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. உட்கார்ந்திருப்பவரின் முதுகுக்குப் பின்னால் ஒரு ஜன்னல் இருக்கும், அவ்வளவுதான். இந்த வாரம் வந்ததும் அதே ரகம். ஆன்லைன் நேர்காணல், பின்னணியில் அழகான புத்தக அலமாரிப் படம், அதன் நடுவே கரிக்கட்டை மாதிரி ஒரு முகம். தலையைத் திருப்பும்போதெல்லாம் ஒரு காது காணாமல் போய்த் திரும்பி வருகிறது. "பின்னாடி ஜன்னல் இருக்கா?" என்று கேட்டால், "இருக்கு, ஆனா அதைத்தான் வெர்ச்சுவல் பேக்ரவுண்டு போட்டு மறைச்சிட்டேனே" என்று பதில்.

இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டதால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

நீங்கள் ஜன்னலை மறைத்திருப்பது எதிரில் பார்ப்பவர்களுக்கு மட்டும். கேமராவுக்கு அது இன்னும் பளிச்சென்று தெரிந்துகொண்டுதான் இருக்கிறது. நடக்கும் வரிசையைக் கவனியுங்கள். முதலில் வெளிச்சம் லென்ஸ் வழியாக உள்ளே போகிறது. மொத்தப் படமும் எவ்வளவு பிரகாசமாக இருக்கிறது என்று பார்த்து, ஒவ்வொரு பிரேமுக்கும் எவ்வளவு நேரம் ஒளி வாங்குவது என்பதைக் கேமரா முடிவு செய்கிறது. அதற்குப் பெயர்தான் எக்ஸ்போஷர். இப்படிப் படம் உருவான பிறகுதான் மீட்டிங் மென்பொருள் அதைக் கையில் வாங்கி, ஆளை ஓரம் பார்த்து வெட்டி, புத்தக அலமாரியின் மேல் ஒட்டுகிறது. வெட்டும் வேலை தொடங்கும்போதே முகம் இருண்டாயிற்று. மேகம் மூடிய பகலில்கூட வெளியே ஆயிரக்கணக்கான லக்ஸ் வெளிச்சம் இருக்கும். ஒற்றை ட்யூப்லைட் எரியும் அறைக்குள் சில நூறு லக்ஸ் தேறினாலே அதிகம். ஜன்னலுக்குத் தோதாகக் கேமரா எக்ஸ்போஷரைக் குறைத்துக்கொள்கிறது. பிறகு ஜன்னலின் மேல் எந்தப் படத்தை ஒட்டினாலும் முகத்துக்குப் போன வெளிச்சம் திரும்பி வராது.

சில புதிய கேமராக்கள் முகத்தைக் கண்டுபிடித்து அதற்கேற்ப எக்ஸ்போஷரை ஏற்றும். அப்போது ஜன்னல் வெள்ளையாகப் பொங்கி, அந்த வெள்ளை தலைமுடியின் ஓரத்தைத் தின்றுவிடும். முடி எங்கே முடிகிறது, ஜன்னல் எங்கே தொடங்குகிறது என்று மென்பொருளுக்குத் தெரியாமல் தலையைச் சுற்றி ஒரு வெள்ளை வளையம் மின்னும். இப்படிப் போனாலும் நஷ்டம், அப்படிப் போனாலும் நஷ்டம்.

காது மறைவதற்கு நெட்டைத் திட்டாதீர்கள். வழக்கமாக நாம் பயன்படுத்தும் மீட்டிங் மென்பொருள்களில் வெட்டும் வேலை உங்கள் கணினியிலேயே நடக்கிறது. நெட் மோசமானால் படம் கட்டம் கட்டமாக உடையும், உறையும், குரல் அறுபடும். காது மட்டும் போய் வந்தால் அது வெளிச்சக் கோளாறு. சந்தேகமாக இருந்தால் மீட்டிங்கில் சேராமலே வீடியோ செட்டிங்ஸில் உங்கள் முன்னோட்டத்தைப் பாருங்கள். அங்கேயே காது போகிறதென்றால் நெட் குற்றவாளி இல்லை.

இனி அறைக்கு வருவோம். நேர்காணல்காரரின் அறை நம் ஊர் அடுக்கக வழக்கப்படி பத்துக்குப் பத்து. வடக்குச் சுவரில் நான்கடி ஜன்னல். பிளக் பாயின்ட் தெற்குச் சுவரில் இருக்கிறது என்பதற்காக மேசையும் அங்கே. ஆக, ஆள் தெற்கே பார்க்கிறார், ஜன்னல் முதுகுக்கு நேர் பின்னால். திரையைப் போட்டால் தீராதா? கனமான திரையாக இருந்தால் பிரச்சினை பாதி தீரும். ஆனால் அதோடு முகத்துக்கு இருந்த கொஞ்சநஞ்ச வெளிச்சமும் போய்விடும். மெல்லிய திரையென்றால் ஜன்னல் அகலத்துக்கு ஒளிரும் பலகை ஒன்றை நீங்களே பின்னால் மாட்டியதாகிவிடும்.

சரியான வழி மேசையைத் திருப்புவது. மேசையை மேற்குச் சுவரோரம், ஜன்னல் பக்க மூலையை ஒட்டிப் போடுங்கள். மேற்கே பார்த்து உட்கார்ந்தால் ஜன்னல் உங்கள் வலப்பக்கம், முகத்துக்குச் சற்று முன்னால் வரும். நேர் பக்கவாட்டில் வந்துவிட்டால் ஒரு கன்னம் வெளுத்து மறு கன்னம் இருட்டாகும். அப்போது நாற்காலியை ஓரடி பின்னுக்கு இழுத்தாலே ஜன்னல் முன்பக்கமாக வந்துவிடும். இருட்டான பக்கத்தில், கேமராவின் பார்வைக்கு வெளியே, ஒரு வெள்ளைச் சார்ட் பேப்பரையோ தெர்மாகோல் பலகையையோ சாய்த்து வையுங்கள். ஜன்னல் ஒளி அதில் பட்டுக் கன்னத்துக்குத் திரும்பும். படப்பிடிப்புத் தளங்களில் காலங்காலமாகத் தெர்மாகோலுக்கு இதுதான் வேலை. பிளக் எட்டவில்லை என்றால் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்குங்கள். புது வெப்கேம் வாங்கும் பணத்தில் நாலைந்து வாங்கலாம்.

வடக்கு ஜன்னல் அமைந்தால் நல்லது. வருடத்தில் பெரும்பகுதி நேர் வெயில் உள்ளே வராது. ஆனால் "எப்போதும் வராது" என்று நம்பிவிடாதீர்கள். சென்னைக்கு ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சிச் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும். அந்த மாதங்களில் காலையிலும் மாலையிலும் வடக்கு ஜன்னலிலும் வெயில் எட்டிப்பார்க்கும். கிழக்கு ஜன்னல்காரர்களுக்குக் காலைக் கூட்டமே தலைவலி. நேர் வெயில் முகத்தில் பட்டால் மெல்லிய வெள்ளைத் திரை போதும். வெயில் பரவி மிருதுவாகிவிடும். முன்பக்க ஜன்னலுக்கு மெல்லிய திரை நண்பன், பின்பக்க ஜன்னலுக்கு அதுவே எதிரி.

இன்னொரு வார்த்தை, குறிப்பாக மாநிறமும் கறுப்புமான நம் போன்றவர்களுக்கு. பின்னால் பால் வெள்ளைச் சுவர் படம் முழுக்க நிறைந்திருந்தால் கேமரா அதையும் ஜன்னல் மாதிரியே எடுத்துக்கொண்டு முகத்தை இறக்கிவிடும். தவறு உங்கள் நிறத்தில் இல்லை, கேமராவின் கணக்கில் இருக்கிறது. சுவரிலிருந்து மூன்று நான்கடி முன்னால் வந்து உட்காருங்கள். விளக்கு முகத்துக்கு அருகிலும் சுவருக்குத் தூரத்திலும் இருந்தால் சுவர் தானாக மங்கும், வெட்டும் ஓரமும் தெளிவாகும்.

இப்போது எக்ஸ்போஷர் பூட்டு, அதாவது கேமரா தானாக ஏற்றி இறக்காதபடி எக்ஸ்போஷரை ஒரே எண்ணில் நிறுத்தி வைப்பது. ஜன்னல் சரியான பக்கம் வந்த பிறகும் மேகம் ஒன்று கடந்தால் கேமரா ஏற்றி இறக்கும். இரவில் கதை வேறு: கறுப்பு ஸ்லைடிலிருந்து வெள்ளை ஸ்லைடுக்கு மாறினால் திரையின் ஒளியே முகத்தில் அடித்து, கேமரா பதறும். ஒவ்வொரு பதற்றத்துக்கும் வெட்டு ஓரம் நடுங்கும். அதுபோக, ஒளி போதாதபோது தானியங்கி எக்ஸ்போஷர் ஒவ்வொரு பிரேமுக்கும் நீண்ட நேரம் எடுத்துக்கொள்ளும், சில கேமராக்கள் பிரேம் எண்ணிக்கையையே குறைத்துவிடும். கையை ஆட்டினால் விரல்கள் குழம்பி இழுபடும். இழுபட்ட விரலைக் கை என்று மென்பொருள் ஒத்துக்கொள்ளாது, வெட்டிப் போட்டுவிடும்.

விண்டோஸில் பூட்டுவதற்கு எளிய வழி, OBS என்ற இலவச வீடியோ மென்பொருள். முதலில் வெர்ச்சுவல் பேக்ரவுண்டை நிறுத்திவிடுங்கள். வழக்கமான விளக்குகளைப் போட்டு, வழக்கமான நாற்காலியில் உட்காருங்கள். OBS-இல் கேமராவைச் சேர்த்து அதன் Properties-க்குள் போய் Configure Video அழுத்தினால் ஒரு பெட்டி திறக்கும். Video Proc Amp பக்கத்தில் PowerLine Frequency 50 Hz என்று இருக்கட்டும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அங்கே 60 கிடந்தால் விளக்கொளியில் பட்டை பட்டையாக ஓடும். பிறகு Camera Control பக்கத்தில் Exposure-க்கு எதிரே உள்ள Auto டிக்கை எடுங்கள். Low Light Compensation இருந்தால் அதையும் எடுங்கள். எண் -6 என்றால் ஏறத்தாழ 1/64 விநாடி, -5 என்றால் 1/32. -6-இல் தொடங்குங்கள். நெற்றி வெள்ளைத் திட்டாகப் பொங்கினால் -7. முகம் மங்கலாக இருந்தால் எண்ணை ஏற்றாமல் விளக்கை அருகே கொண்டுவாருங்கள். வாங்கிய ஒளியைச் செயற்கையாகப் பெருக்கிக் காட்டும் Gain-ஐ ஏற்றினால் புள்ளி புள்ளியாக இரைச்சல் வரும். அந்த இரைச்சல்தான் தலைமுடி ஓரம் கொதிப்பது போலத் தெரிவதற்கு முதல் காரணம். கடைசியாக Video Proc Amp பக்கத்துக்குத் திரும்பி White Balance-இலும் Auto-வை எடுத்துவிட்டு, OBS-ஐ மூடி, மீட்டிங்கைத் திறங்கள்.

லினக்ஸ்காரர்களுக்கு வேலை இன்னும் சுருக்கம்:

```
v4l2-ctl -d /dev/video0 --list-ctrls
v4l2-ctl -d /dev/video0 -c power_line_frequency=1
v4l2-ctl -d /dev/video0 -c auto_exposure=1
v4l2-ctl -d /dev/video0 -c exposure_time_absolute=200
```

இங்கே 1 என்பது 50 ஹெர்ட்ஸ். `auto_exposure=1` என்றால் மேனுவல். ஆட்டோ என்று நினைத்துப் பலர் குழம்புவது இங்கேதான். 200 என்பது 20 மில்லி விநாடி. 50 ஹெர்ட்ஸில் விளக்கு விநாடிக்கு 100 முறை துடிக்கும் என்பதால் 100, 200, 300 என்று வைத்தால் பட்டை விழாது. விண்டோஸின் எண்களில் இந்தத் துல்லியம் கிடைப்பதில்லை. பூட்டிய பிறகும் அங்கே பட்டை ஓடினால் குற்றம் விளக்கில். போனில் ஸ்லோமோஷன் வீடியோ எடுத்துப் பாருங்கள். துடிப்பது தெரிந்தால் அந்த எல்.இ.டி. பல்பை மாற்றுங்கள்.

லேப்டாப்போடு வரும் கேமராக்கள் பலவற்றில் Exposure வரிசை மங்கிக் கிடக்கும், தொட முடியாது. அவர்களுக்குப் பூட்டு இல்லை, ஜன்னலும் விளக்கும்தான் கதி. வசதி இருப்பவர்களும் ஒன்றை நினைவில் வையுங்கள்: யு.எஸ்.பி. கழற்றிச் சொருகினால் பெரும்பாலும் பூட்டு விட்டுப்போகும். சில மீட்டிங் மென்பொருள்கள் கேமராவைத் திறக்கும்போதே தானியங்கிக்குத் திருப்பிவிடும்.

சில்லறை விஷயங்கள் சில. கறுப்புத் தலைமுடிக்குப் பின்னால் கறுப்பு நாற்காலியின் தலைசாய்ப்பு இருந்தால் அது உங்களில் சேர்ந்தும் பிரிந்தும் விளையாடும். வெளிர் நிறத் துண்டு ஒன்றை அதன்மேல் போடுங்கள். மல்லிகைச் சரம் வெள்ளைச் சுவரோடு கரைந்து பாதி மறைவதுண்டு, சுவரிலிருந்து தள்ளி உட்கார்ந்தால் மீளும். பச்சைத் துணி கட்டாமலே Zoom-இல் I have a green screen என்பதை டிக் செய்து வைத்திருக்கிறவர்களே, தயவுசெய்து எடுத்துவிடுங்கள். பச்சைச் சேலைக்காரர் ஒருவர் வெறும் தலையாக மிதப்பது மீட்டிங்கில் இருப்பவர்களுக்கு வேடிக்கை, அவருக்கு அப்படி இல்லை. ரிங் லைட்டை நேர் எதிரே வைத்து மூக்குக்கண்ணாடியில் இரண்டு வெள்ளை வளையம் காட்டாதீர்கள். கண் மட்டத்துக்கு மேலே தூக்கி ஒரு பக்கம் தள்ளி வையுங்கள்.

ஜன்னல் ஒளியில் பூட்டுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: பூட்டிய கேமராவுக்குப் பொழுது சாய்வது தெரியாது. நாலு மணிக்குச் சரியாக இருந்த முகம் ஆறு மணிக்கு இருட்டில் இருக்கும். நேர்காணல் மூன்று மணிக்கென்றால் காலை ஒன்பது மணிக்குச் சோதித்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். இரண்டே முக்காலுக்கு, அதே நாற்காலியில், அதே சட்டையில், வெர்ச்சுவல் பேக்ரவுண்டு இல்லாமல் ஒரு முறை முகத்தைப் பாருங்கள். அது தெளிவாக இருந்தால் அதற்கப்புறம் எந்தப் புத்தக அலமாரியை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள்.