ரத்தம் கொடுக்கும்போது மயக்கம் ஏன் வருகிறது?

எங்கள் இளைஞர் மன்றத்தின் ரத்ததான முகாம் ஞாயிறு காலை 9 மணி முதல் மதியம் 1 மணி வரை நடக்கிறது. முதல்முறை வருபவர்கள் தயங்குவது பெரும்பாலும் மயக்கம் வந்துவிடுமோ என்றுதான். சிலருக்கு வரத்தான் செய்யும். அது எப்படி வருகிறது என்று தெரிந்தால் பெரும்பாலும் தவிர்த்துவிடலாம்.

52 கிலோ எடையுள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். கிலோவுக்கு சுமார் 65 மில்லி என்றால் அவர் உடலில் ஏறக்குறைய 3.4 லிட்டர் ரத்தம் இருக்கும். நாம் எடுப்பது 350 மில்லி, அதாவது பத்தில் ஒரு பங்கு. ஆரோக்கியமான உடல் இதைத் தாங்கிக்கொள்ளும். 45 கிலோவுக்குக் கீழே இருப்பவர்களிடம் எடுக்காததும், 450 மில்லி பைக்கு 55 கிலோவுக்கு மேல் கேட்பதும் இந்தக் கணக்கினால்தான்.

அப்படியானால் மயக்கம் எங்கிருந்து வருகிறது? ரத்தம் சற்றுக் குறைந்திருக்கும் நேரத்தில் பயமோ, ஊசியைப் பார்த்த அதிர்ச்சியோ சேர்ந்தால் வேகஸ் நரம்பு தூண்டப்பட்டு இதயத் துடிப்பு திடீரென்று குறைகிறது. ரத்தக் குழாய்களும் தளர்ந்துவிடுவதால் ரத்தம் கால்களில் தேங்கி, மூளைக்குப் போவது சில நொடிகள் குறைகிறது. வெறும் வயிறும் தூக்கமின்மையும் இதை எளிதாக்கிவிடும்.

மயக்கம் பொதுவாகச் சொல்லிக்கொண்டுதான் வரும். கொட்டாவி, நெற்றியில் குளிர்ந்த வியர்வை, வயிற்றைப் பிரட்டுவது, முகம் வெளிறுவது என்று ஏதாவது ஒன்று முதலில் தெரியும். வெட்கப்படாமல் உடனே செவிலியரிடம் சொல்லுங்கள். ஊசியை எடுத்துவிட்டு, படுக்கவைத்துக் கால்களை உயர்த்தினால் சில நிமிடங்களில் தெளிந்துவிடும்.

இரவு நன்றாகத் தூங்கி, காலையில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். முந்தைய நாள் மது கூடாது. ரத்தம் கொடுக்கப் படுப்பதற்குக் கொஞ்சம் முன்னால் அரை லிட்டர் தண்ணீர் குடியுங்கள். அதனால் ரத்தக் குழாய்கள் சற்று இறுகி, அழுத்தம் விழாமல் காக்கும். ரத்தம் எடுக்கும் பத்து நிமிடமும் தொடையை ஐந்து நொடி இறுக்கி, ஐந்து நொடி தளர்த்துங்கள். கால்களில் தேங்கும் ரத்தம் மேலே ஏறும். ஊசி புதியது, பையோடு சேர்ந்தே வருவது. அதனால் தொற்று ஒட்டுமோ என்ற பயம் வேண்டாம்.

பலர் தடுமாறுவது படுக்கையில் அல்ல, எழுந்து நடக்கும்போது. அதனால்தான் 15 நிமிடம் உட்காரவைத்து ஜூஸ் கொடுக்கிறோம். நன்றாக இருப்பதுபோலத் தோன்றினாலும் அவசரமாக வெயிலில் வண்டியை எடுக்காதீர்கள்.

வயது 18 ஆகியிருக்க வேண்டும். முதல்முறை கொடுப்பவர் 60 வயதைத் தாண்டியிருக்கக் கூடாது. விரல் நுனியில் குத்திப் பார்க்கும் ஹீமோகுளோபின் 12.5 கிராம் இருக்க வேண்டும். காய்ச்சல் இருப்பவர்களும், ஓராண்டுக்குள் பச்சை குத்திக்கொண்டவர்களும் இம்முறை கொடுக்க முடியாது.

இழந்த நீர்ப்பகுதி ஓரிரு நாளில் ஈடாகிவிடும். சிவப்பணுக்கள் ஊற வாரங்கள் ஆகும், அதற்கு இரும்புச்சத்தும் வேண்டும். அந்தச் சேமிப்பு பெண்களுக்குக் குறைவு என்பதால், அடுத்த முறை கொடுக்க ஆண்கள் 90 நாளும் பெண்கள் 120 நாளும் காத்திருக்க வேண்டும்.